ரிமோட் யார் கையில்? ஒரு இருபது நிமிட எபிசோடின் அவுட்லைன் விழுந்து எழுந்த கதை

முதல் அவுட்லைனை வாசித்தபோது ஆறாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் வாசிப்பதும், மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவதுமாக மீதிப் பதினான்கு நிமிடம் போயிற்று.

தேவை எளிமையானது. அரை மணி நேர இடத்தில் விளம்பரங்கள் போக எங்களுக்குக் கிடைப்பது இருபது நிமிடம். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஒதுக்கிய நாட்கள் தீர்ந்துவிட்டன. அதனால் ஒரே ஹாலில், ஒரே இரவில், புது நடிகர் யாரும் இல்லாமல் ஓர் எபிசோடு வேண்டும். "ரிமோட் சண்டை போட்டுடுங்க, எல்லார் வீட்லயும் நடக்கிறதுதானே" என்றார் இயக்குநர். எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம் என்றால் எழுதுவது சுலபம் என்று நானும் நம்பினேன். அங்கேதான் வழுக்கியது.

அந்த முதல் அவுட்லைனில் ஐந்து பேர். அப்பாவுக்கு மேட்ச், அம்மாவுக்கு சீரியல், பாட்டிக்குப் பழைய படம், மகளுக்குப் பாட்டுப் போட்டி, மகனுக்கு கார்ட்டூன். ஒன்பது காட்சிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் ரிமோட்டைப் பிடுங்குவார், இன்னொருவர் கத்துவார், மூன்றாமவர் தந்திரமாக எடுத்துப் போவார். கடைசியில் கரண்ட் போகும், எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுவார்கள்.

இயக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணாவது சீனையும் அஞ்சாவது சீனையும் இடம் மாத்தினா என்ன ஆகும்?" மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்றில் மகள் பிடுங்குகிறாள், ஐந்தில் பாட்டி பிடுங்குகிறாள்; யார் முந்தினாலும் கதைக்குக் கவலையில்லை. இரண்டு காட்சிகளுக்கு நடுவே 'அப்புறம்' என்ற சொல்தான் பொருந்துகிறது என்றால் அது கதை இல்லை, பட்டியல். 'அதனால்' என்றோ 'ஆனால்' என்றோ இணைக்க முடிந்தால்தான் இரண்டாவது காட்சிக்கு முதல் காட்சி தேவைப்படுகிறது என்று பொருள். என் ஒன்பது காட்சிகளுக்கு நடுவே எட்டு 'அப்புறம்' இருந்தது.

இரண்டாவது அடி, மகனாக நடிக்கும் பையனிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வயது. காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அங்கிள், இவங்கல்லாம் ஏன் போன்ல பாக்கல?" என்றான்.

யாரும் பதில் சொல்லவில்லை.

இன்றைக்கு ரிமோட் சண்டை எழுதுகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டியாக வேண்டும். ஒரு வீட்டில் ஒரு டிவி, இரண்டு நிகழ்ச்சி என்பது மட்டும் சண்டைக்குப் போதுமாக இருந்த காலம் போய்விட்டது. முதலில் நாங்கள் எல்லோரும் செய்வதையே செய்தோம்: சாக்கு தேடினோம். நெட் வேலை செய்யவில்லை என்று வைக்கலாமா? மகளின் போன் உடைந்துவிட்டது என்று வைக்கலாமா? வைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு சாக்குக்கும் அரை நிமிடம் வசனம் போகிறது, அந்த அரை நிமிடத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஐந்து பேருக்கு ஐந்து சாக்கு என்றால் இரண்டரை நிமிடம். இருபது நிமிடத்தில் அது பெரிய தொகை. அதைவிட மோசம், பார்க்கிறவர் கேட்கவே கேட்காத கேள்விகளுக்குக்கூட நாமே பதில் சொல்லிச் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறோம்.

வழி இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஏதோ ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ரிமோட் கட்டாயம் இல்லை, போனிலேயே பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்னொருவர் எதையோ பார்த்துவிடக் கூடாது என்று தவிக்கிறவருக்கு? அவருக்கு எந்தப் போனும் உதவாது. அவருக்கு ரிமோட்தான் வேண்டும், இந்த டிவியின் ரிமோட்தான் வேண்டும், அந்தக் குறிப்பிட்ட நேரத்தில்தான் வேண்டும்.

சண்டையை இப்படித் திருப்பியதும் சாக்குகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மகளின் பாட்டுப் போட்டியும் போயிற்று, மகளும் போனாள். (அந்த நடிகைக்கு அந்த வாரம் விடுமுறை என்று சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்ததாகச் சொல்ல முடியாது.) மிஞ்சியது நான்கு பேர்: அப்பா, அம்மா, பாட்டி, மகன்.

சரி, அப்பா எதை மறைக்கிறார்? போன வாரம் தெருவில் ஒரு சேனல்காரர்கள் மைக்கை நீட்டி, "உங்க வீட்ல யார் பேச்சு எடுபடும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான். கையை நீட்டினா ரிமோட் தானா கைக்கு வரும்" என்று அளந்திருக்கிறார். அது இன்று இரவு எட்டு மணி நிகழ்ச்சியில் வரப்போகிறது. அதே நிகழ்ச்சியைத்தான் பாட்டி தினமும் விடாமல் பார்க்கிறார்.

இதில் எதிராளியைப் பாட்டியாக வைத்ததுதான் எனக்கு மிகவும் உதவிய முடிவு. முதலில் மனைவிக்கு எதிராகத்தான் யோசித்தேன். அப்படி வைத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே குரல் உயர்ந்துவிடும். குரல் உயர்ந்த பிறகு அதற்கு மேல் ஏற இடமில்லை. பதினெட்டு நிமிடம் கத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். பெற்ற தாயிடம் அவர் கத்தவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. "கொடும்மா" என்று கேட்டால், "எதுக்குடா?" என்று ஒரு வார்த்தையில் மடக்கிவிடுவார். அதனால் அவருக்கு மிஞ்சுவது திருட்டுத்தனம் மட்டும்தான். திருட்டுத்தனம் என்றால் செயல். செயல் இருந்தால் காட்சி தானாக வரும்.

அடுத்து, ரகசியத்தைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது? நான் கடைசிவரை மூடி வைத்திருந்தேன், பெரிய திருப்பமாக உடைக்கலாம் என்று. வாசித்துக் காட்டியபோது அப்பா காரணமில்லாமல் பேட்டரியைக் கழற்றுகிறார், டிவி முன்னால் போய் நிற்கிறார், வியர்க்கிறார். மனநிலை சரியில்லாத ஆள் போலத்தான் தெரிந்தது. காரணம் தெரியாதவரை ஒரு மனிதனின் தவிப்பு சிரிப்பாக மாறாது. ரகசியத்தைத் தூக்கி முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் போட்டேன். உடனே, அவர் சும்மா கடிகாரத்தைத் திரும்பிப் பார்ப்பதுகூட வேடிக்கையாகிவிட்டது.

இரண்டாவது அவுட்லைனின் நேரப் பங்கீடு இதுதான்:

முன்காட்சி 1:30
முதல் பகுதி 5:30
இரண்டாம் பகுதி 7:00
மூன்றாம் பகுதி 5:00
வால் 1:00

இதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டேன். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ரிமோட் யார் கையில், அது வேலை செய்கிறதா இல்லையா என்று. ஒரு பொருளைச் சுற்றி நடக்கும் எபிசோடுக்கு இந்தப் பத்தி இல்லாமல் இருக்க முடியாது. முதல் அவுட்லைனில் நான்காவது காட்சி முடியும்போது ரிமோட் மகனிடம் இருந்தது. ஐந்தாவது தொடங்கும்போது அம்மாவிடம் இருந்தது. எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

ரிமோட் என்று ஒன்றைச் சொல்கிறேனே தவிர, பெரும்பாலான ஹாலில் இருப்பது இரண்டு. சேனல் மாற்றுவது செட்டாப் பாக்ஸின் ரிமோட். டிவியை அணைப்பதும், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் டிவியின் ரிமோட். சண்டை முழுக்க முதலாவதற்காக நடக்கிறது. இரண்டாவது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதை முதல் பகுதியிலேயே அம்மாவின் மடியில், அவர் மடித்துக்கொண்டிருக்கும் துணிகளுக்கு நடுவே, ஒரு விநாடி காட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

இனி அவுட்லைனைக் காட்சி காட்சியாகச் சொல்கிறேன்.

முன்காட்சி. மணி 7:40. ஹாலில் யாரும் இல்லை என்று நினைத்து அப்பா போனில் பேசுகிறார். ஆபீஸ் நண்பர், "இன்னைக்கு எட்டு மணிக்கு உங்களைக் காட்டுறாங்களாமே!" என்கிறார். அப்பா தான் சொன்ன வசனத்தைக் கையை நீட்டி அப்படியே நடித்துக் காட்டுகிறார். பிறகுதான் உறைக்கிறது, எட்டு மணி நிகழ்ச்சி என்றால் பாட்டி பார்ப்பது. போனை வைத்துவிட்டு மேசையில் கையை நீட்டுகிறார். ரிமோட் இல்லை. உயர்ந்த முதுகுள்ள நாற்காலிக்குப் பின்னாலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "என்கிட்டதான் இருக்கு." அவர் எவ்வளவு கேட்டார் என்று நாம் சொல்வதில்லை.

முதல் பகுதியில் அப்பா நல்ல பிள்ளை வேஷம் போடுகிறார். "கண்ணுக்கு ஓய்வு குடும்மா" என்கிறார், பலிக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு போன் வருகிறது. "அப்படியா... சரி சரி" என்று கேட்டுவிட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்கிறார். யார் பேசினார், என்ன சொன்னார் என்று அவுட்லைனில் ஒரு வரியும் இல்லை. பிறகு, "மணி என்னங்க?" என்று மட்டும் கேட்கிறார். அப்பா அலமாரிக் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழே முக்கால்" என்கிறார். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ரிமோட்டைக் கீழே வைக்கும் இடைவெளியில் அப்பா இரண்டு பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவுகிறார்.

பாட்டி அழுத்துகிறார், வேலை செய்யவில்லை. பின்பக்கம் திறந்து பார்க்கிறார், காலி. அவர் யாரையும் கூப்பிடவில்லை, புலம்பவுமில்லை. மேசையில் கிடக்கும் பேரனின் வயர்லெஸ் மவுஸைத் திறந்து ஒரு பேட்டரி எடுக்கிறார். இன்னொன்று வேண்டும். சுற்றிப் பார்க்கிறார். அலமாரிக் கடிகாரத்தை எடுத்துத் திருப்பி, அதிலிருந்து ஒன்று. கடிகாரத்தைத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார். அது 7:52 காட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் பகுதி அந்த முள்ளின் மேல் முடிகிறது.

இந்த இடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கெடு நேரம் உள்ள கதை என்றால் செட்டில் கடிகாரம் தெரிய வேண்டும். கடிகாரம் தெரிந்தால் தலைவலி: காட்சிகளை வரிசை மாற்றி எடுப்போம், ஒவ்வொரு டேக்குக்கும் முள்ளைத் திருத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும், அப்படியும் ஒட்டும்போது இரண்டு நிமிடம் பின்னால் ஓடும். கடிகாரத்தையே எடுத்துவிடலாமா என்ற பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, செட் பொருட்களைப் பார்ப்பவர், "பேட்டரியை உருவிடுங்க, முள் நிக்கும்" என்றார். அவர் சொன்னது படப்பிடிப்புக்கான யோசனை. கதைக்குள் போட்டதும் அதுவே முதுகெலும்பாகிவிட்டது. அப்பாவின் திருட்டு பாட்டியைப் பேட்டரி தேட வைக்கிறது, அதனால் கடிகாரம் நிற்கிறது, அதனால் அப்பாவுக்கு நேரம் தெரியாமல் போகிறது. மூன்று 'அதனால்' இலவசமாகக் கிடைத்தது.

அதே ஆள்தான் அதில் ஓட்டையும் கண்டுபிடித்தார். கடிகாரத்தில் இருப்பது தடித்த பேட்டரி, எங்கள் செட்டில் இருந்த ரிமோட்டுக்கு ஒல்லியான பேட்டரி. பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம், கட்டாயம் மாட்டுவோம். தடித்த பேட்டரி இரண்டு போடும் பழைய ரிமோட் ஒன்றைத் தேடி எடுத்தோம். முதலில் எழுதியது சுவர்க்கடிகாரம். பாட்டியாக நடிப்பவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவரை ஸ்டூலில் ஏற்ற முடியாது. அதனால் கடிகாரம் அலமாரிக்கு இறங்கியது.

இரண்டாம் பகுதி. அப்பா திரும்பி வருகிறார். டிவியில் பாட்டியின் சேனல் ஓடுகிறது, விளம்பரம். அவருக்குப் புரியவில்லை, சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார், பேட்டரிகள் இருக்கின்றன. பாட்டி தண்ணீர் குடிக்க உள்ளே போகும் நேரத்தில் பாக்ஸின் முன்பக்கப் பொத்தானை அழுத்தி வேறு சேனலுக்கு மாற்றிவிட்டு, ரிமோட்டின் கதிரை வாங்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலின் மேல், மகனின் நோட்டு லேபிள் ஒன்றை ஒட்டிவிடுகிறார். இனி எந்த பேட்டரி போட்டாலும் சேனல் மாறாது.

முதலில் கறுப்பு டேப் என்றுதான் எழுதியிருந்தேன். கறுப்பு பாக்ஸில் கறுப்பு டேப் கேமராவில் தெரியவே தெரியாது. வெள்ளை லேபிள் தெரியும். ஆனால் செட்டில் ஒட்டிப் பார்த்தபோது ரிமோட் ஜம்மென்று வேலை செய்தது. மெல்லிய தாளின் வழியே அகச்சிவப்பு ஒளி கொஞ்சம் புகுந்துவிடும், கிட்டத்திலிருந்து அழுத்தினால் அதுவே போதும். லேபிளுக்கு அடியில் கறுப்பு டேப் ஒரு துண்டு வைத்து ஒட்டிய பிறகுதான் அடங்கியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: புளூடூத்தில் பேசும் புது ரிமோட்டுகளுக்கு இந்த வேலை பலிக்காது, எதை ஒட்டினாலும் சிக்னல் போய்ச் சேரும். எங்கள் பழைய ரிமோட் அந்த விதத்திலும் காப்பாற்றியது.

இந்த இடத்தில் உதவி எழுத்தாளர் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: யாரும் தொடாமலே சேனல் மாறட்டும், பேய் என்று பயப்படட்டும். அப்படி ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. 1955இல் ஜெனித் நிறுவனம் விற்ற ஒளிக்கற்றை ரிமோட்டில், டிவியின் மூலைகளில் இருந்த உணரிகள்மேல் வெயில் பட்டாலே தானாக ஏதாவது மாறும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தானாக நடக்கும் விபத்து எங்களுக்கு உதவாது. இந்தக் கதையில் ஒவ்வொரு கோளாறையும் யாராவது ஒருவர் கையால் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் யாரும் மாட்ட மாட்டார்கள்.

மவுஸ் செத்துப்போனதால் மகன் ஹாலுக்கு வருகிறான். பாட்டி அவன்மேல் பாய்கிறார்: "நீதானே ஏதோ பண்ணே?" பழி விழுந்ததால் அவன் துப்பறிய வேண்டியிருக்கிறது. போனின் செல்ஃபி கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்துகிறான். கண்ணுக்குத் தெரியாத ஒளி, திரையில் இளம் ஊதா நிறத்தில் மினுக்குகிறது. "ரிமோட் நல்லாருக்கு பாட்டி. வாங்கிக்கிற பக்கம்தான் பிரச்சினை." இது யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் செல்ஃபி கேமரா என்று வைத்தோம். கதைக்கு இதனால் கிடைப்பது என்னவென்றால், சந்தேகம் ரிமோட்டை விட்டுப் பாக்ஸுக்கு நகர்கிறது. பையன் குனிகிறான். லேபிளைப் பார்க்கிறான். தன் லேபிள், தான் ஒட்டவில்லை. மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்க்கிறான்.

அடுத்த காட்சி பேரம். அவன் பையிலிருந்து ஒரு கணக்குப் பரீட்சைத் தாளை எடுக்கிறான். மதிப்பெண் இருக்கும் மூலை மடித்திருக்கிறது. "அப்பா, இதுல ஒரு கையெழுத்து." "என்ன மார்க்குடா?" "லேபிள் எங்க இருந்து வந்ததுப்பா?" அப்பா கையெழுத்துப் போடுகிறார். இதை முதலில் இரண்டரை நிமிடத்துக்கு எழுதியிருந்தேன், விளையாட்டு நேரம், சைக்கிள் என்று பேரம் வளர்ந்துகொண்டே போகும். வாசிப்பில் இரண்டாம் பகுதி ஒன்பது நிமிடத்தைத் தொட்டது. மேலே உள்ள மூன்று வசனம் மட்டும் வைத்து மீதியை வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அது சிரிக்க வைத்தது.

இதற்கு நடுவில் அம்மா மறுபடி, "மணி என்னங்க?" அப்பா பார்த்து, "ஏழு ஐம்பத்திரண்டு. இன்னும் நேரமிருக்கு." "எதுக்கு நேரமிருக்கு?" "சும்மா சொன்னேன்." பார்க்கிறவர்களுக்குக் கடிகாரம் நின்றது தெரியும். அவருக்குத் தெரியாது. இந்தக் கேள்வி எபிசோடில் மொத்தம் மூன்று முறை வருகிறது. முதல் முறை அது வெறும் கேள்வி, இரண்டாவது முறை நகைச்சுவை, மூன்றாவது முறை கதைத் திருப்பம். நான்காவது முறை ஒன்று எழுதி வைத்திருந்தேன், ரொம்பப் பிடித்துப்போனதால். நடித்துப் பார்த்தபோது அம்மாவாக நடிப்பவரே, "இது வேண்டாம் சார், மூணாவதுலயே அடிச்சுட்டோம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

இரண்டாம் பகுதியின் முடிவு. பாட்டி ரிமோட்டோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துகிறார். எழுந்து பாக்ஸிடம் போகிறார். "ரிமோட் வர்றதுக்கு முன்னாடியே டிவி பாத்தவடா நான்" என்று, முன்பக்கப் பொத்தானைத் தன் சேனல் வரும்வரை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். நிகழ்ச்சியின் தலைப்பு இசை. அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார்: 7:52. அம்மா: "மணி என்னங்க?" அவர் வாயைத் திறக்கிறார், "ஏழு ஐம்பத்தி..." என்று நின்றுவிடுகிறார். பாட்டி நாற்காலியை பாக்ஸுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை அப்பாவிடம் நீட்டுகிறார். "இந்தா, அப்போ புடிச்சு இதைத்தானே கேட்டே. நீயே வச்சுக்கோ."

இவ்வளவு நேரமும் எதற்காகப் பாடுபட்டாரோ அது கையில் இருக்கிறது. அழுத்துகிறார். மாறவில்லை. அவர் ஒட்டிய லேபிள் அவரையே தடுக்கிறது.

அவுட்லைன் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். மூன்றாம் பகுதியில் மிச்சமிருப்பது கதவுகளைச் சாத்துவது மட்டும். லேபிளைப் பிய்க்க வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் குனிய வேண்டும். டிவியை அணைக்கலாம் என்றால் அந்த ரிமோட் எங்கே? தேடுகிறார். அம்மா துணிகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துச் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டுகிறார். அப்பா சுவர் ஸ்விட்சை நோக்கி நகர்கிறார். "எங்க போறீங்க? உக்காருங்க" என்கிறார் அம்மா. இந்த மூன்று கதவுகளையும் சாத்தாமல் விட்டிருந்தால், பையன் மறுபடி, "அங்கிள், பிளக்கைப் புடுங்கலாமே" என்று கேட்டிருப்பான்.

இந்த உச்சத்தை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். மகன் போட்டுக்கொடுத்துவிடுவான், எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொள்வார்கள். வாசிக்கும்போதே தட்டையாக இருந்தது, ஏனென்றால் அப்பா சும்மா நிற்கிறார், அடி மட்டும் வாங்குகிறார். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் செய்தவர் அவர். உடைப்பதும் அவராகத்தான் இருக்க வேண்டும். அதனால் அவரே டிவிக்கு முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். மைக், தெரு, "நான்தான்", ரிமோட் கைக்கு வரும் என்று சொன்னது, பேட்டரி, லேபிள், பதட்டத்தில் பார்க்காமலே போட்ட கையெழுத்துவரை. கடைசி வார்த்தையில் மகன் தலையில் கை வைத்துக்கொள்கிறான்.

"தள்ளு, மறைக்குது" என்கிறார் பாட்டி.

தள்ளுகிறார். திரையில் அவர் முகம். நெஞ்சை நிமிர்த்துகிறார், கையை நீட்டுகிறார், வாயைத் திறக்கிறார், வெட்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது. இரண்டு விநாடி. ஒரு சொல்கூட ஒளிபரப்பாகவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே இயக்குநருக்கும் எனக்கும் வாக்குவாதம். அவருக்கு அந்தப் பெருமைப் பேச்சு முழுவதும் டிவியில் வர வேண்டும் என்று ஆசை. ஆனால் அது முன்காட்சியில் ஒருமுறை வந்துவிட்டது, ஒப்புதலில் இரண்டாவது முறை வருகிறது. மூன்றாவது முறையும் வந்தால் ஒரே குற்றத்துக்கு ஒரே மாதிரி இரண்டு தண்டனை. வராமல் போவதுதான் புது அடி. அவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார், படத்தொகுப்பில் பார்க்கலாம் என்று முழுப் பேச்சையும் எடுத்தும் வைத்துக்கொண்டார். பயன்படுத்தவில்லை.

அம்மாவுக்கு வந்த போன் என்ன என்பதற்கு அவுட்லைனில் கடைசிவரை விளக்கம் கிடையாது. அப்பா, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்கிறார். அம்மா, "மணி கேட்டேனே" என்கிறார். அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வசனம் எழுதினால் கெட்டுவிடும் என்று தோன்றியது. பாட்டி முன்காட்சியில் எவ்வளவு கேட்டார் என்பதையும் திறந்தே விட்டோம்.

வாலுக்கு ஒரு நிமிடம். மறுநாள் காலை. அப்பா அவசரமாகக் கிளம்பிக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டி, "துண்டு" என்கிறார். கையில் ரிமோட் வந்து விழுகிறது. "சாவி" என்கிறார். இன்னொரு ரிமோட். மகன் பக்கம் திரும்பி, "பேனாவாவது குடுடா" என்று நீட்டுகிறார். கையில் விரித்து வைத்த கணக்குத் தாள், இந்த முறை மடிக்காத மூலையோடு. படப்பிடிப்பில் பாட்டியாக நடித்தவர் எழுதாத ஒன்றைச் சேர்த்தார். அப்பா ரிமோட்டைத் தூக்கி டிவியை நோக்கி அழுத்துகிறார், வேலை செய்யவில்லை. பின்பக்கம் திறக்கிறார், காலி. பாட்டி அலமாரிக் கடிகாரத்தை நிதானமாகத் திருப்பி, சரியான நேரத்துக்கு முள்ளை வைத்துக்கொண்டிருக்கிறார்.